14 வயது மகனோடு சேர்ந்து விளையாட எந்தக் கேம்? அவன் பிரீ பயர், நான் வயல்

இரணைமடு_வயல் (திங்கள் இரவு)

வணக்கம். எனக்கு 43 வயது. வலதுகரை வாய்க்காலின் கீழ் வயல் செய்கிறேன். மகன் ஒன்பதாம் ஆண்டு. ரியூசன் முடிந்து வந்தால் சாப்பாடு, பிறகு போன். பிரீ பயர் என்ற துவக்குக் கேம் தான் விளையாடுகிறான். மாங்குளத்தில் இருக்கும் மச்சான்மாரோடு சேர்ந்து இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை.

போனைப் பறிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. படிப்பு ஓரளவு நடக்கிறது. என் கவலை வேறு. அவனுக்கும் எனக்கும் இடையில் கதை குறைந்துவிட்டது. முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வாய் ஓயாமல் கதைப்பான். இப்போது "என்னடா விளையாடுறாய்?" என்று கேட்டால் "சொன்னாலும் உங்களுக்கு விளங்காது அப்பா" என்கிறான். அவன் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, எனக்கு உண்மையிலேயே விளங்காது. அதனால் நானும் சேர்ந்து விளையாடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எந்தக் கேமில் தொடங்குவது? அவனுடைய கேமிலேயா, இருவருக்கும் புதிதான ஒன்றிலா? என்னுடையது பழைய போன், 3 ஜிபி ராம். வீட்டில் வைஃபை இல்லை, சிம் டேட்டா தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெடிச்சத்தம் எனக்கு இன்னும் ஒத்துவருவதில்லை. தீபாவளிக்கு வெடி கொளுத்தினாலே வீட்டுக்குள் போய்விடுவேன். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்

தம்பி, இதற்கு ஏன் இத்தனை யோசனை? சாதாரண தரத்துக்கு இரண்டு வருடம் தான் இருக்கிறது. பின்னேரம் கரப்பந்து விளையாட அனுப்புங்கள். வீட்டில் கரம் போர்ட் ஒன்று வாங்கி வையுங்கள். நான் என் பிள்ளைகளோடு கரம் ஆடித்தான் வளர்த்தேன். போனில் இருந்து எப்படி எடுப்பது என்று தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இரணைமடு_வயல்

சேர், கரம் போர்ட் இருக்கிறது, கிழமைக்கு ஒருநாள் ஆடுகிறோம். அது நல்லாகத்தான் போகிறது. ஆனால் கரம் ஆடும்போது நாங்கள் கரத்தைப் பற்றித் தான் கதைக்கிறோம். அவனுடைய நாளில் ஒன்றரை மணி நேரம் போகிற இடம் எனக்குத் தெரியாத இடமாக இருக்கிறது. அங்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது தான் என் கேள்வி.

கிளி_போன்கடை

அண்ணை, நான் கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பிரீ பயர் 2017 இல் வந்த நாளிலிருந்து விளையாடுகிறேன். கடைக்கு வருகிற பெடியளில் பாதிப் பேர் என் கில்டில், அதாவது கேமுக்குள் நான் வைத்திருக்கிற குழுவில், இருக்கிறார்கள். நீங்கள் அவனுடைய கேமிலேயே தொடங்குங்கள். புதுக் கேம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அப்பா தன்னைத் திருத்த வருகிறார் என்று தான் அவனுக்குப் படும். அவனுடைய கேமில் நீங்கள் மாணவன், அவன் வாத்தியார். அவன் வாய் திறக்க அதுவே ஒரு காரணம்.

ஆனால் எந்த மோட் என்பதில் தான் எல்லாம் இருக்கிறது. நேரே போய் ராங்க் ஆட்டத்தில் அவனோடு சேரவே வேண்டாம். தோற்றால் அவனுடைய புள்ளி குறையும். அந்த சீசன் முழுக்கச் சேர்த்த ராங்கை அப்பா இரண்டு இரவில் இறக்கிவிட்டால் மூன்றாம் நாள் அவனுக்குத் தலையிடி வந்துவிடும். அதுபோல 50 பேர் இறங்குகிற பெரிய ஆட்டமும் ஆரம்பத்தில் சரிவராது. நீங்கள் இறங்கி இரண்டாம் நிமிடத்தில் செத்தால், மிச்ச நேரம் அவன் உங்களை நினைத்து அவசரப்படுவான், அல்லது உங்களை மறந்துவிடுவான்.

நான் சொல்வது கிளாஷ் ஸ்குவாட், அதிலும் ராங்க் இல்லாத சாதாரண ஆட்டம். நாலுக்கு நாலு. நாலு சுற்று முதலில் வெல்கிற அணிக்கு வெற்றி. ஒரு சுற்றில் நீங்கள் செத்தாலும் அடுத்த சுற்றில் உயிரோடு வந்துவிடுவீர்கள். செத்த பிறகு அந்தச் சுற்று முடியும் வரை உங்கள் திரையில் மகனுடைய ஆட்டம் தெரியும், அவன் கண்ணால் பார்ப்பது போல. அவன் எப்போது ஓடுகிறான், எப்போது பதுங்குகிறான், ஆர் விழுந்தால் திரும்பிப் போய்த் தூக்குகிறான் என்று எல்லாம் அதில் தெரியும். வெளியில் இருந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதில் அது கிடைக்காது.

நாலு பேருக்கு இரண்டு பேர் குறையும். மச்சான்மாரைச் சேருங்கள். இல்லாவிட்டால் லோன் வுல்ஃப் என்று ஒன்று இருக்கிறது, அதில் இரண்டுக்கு இரண்டும் ஆடலாம். நீங்களும் அவனும் மட்டும் ஓர் அணி. தெரியாத ஆட்களின் குரல் காதில் விழாது.

உங்கள் போனுக்கு சாதாரண பிரீ பயர் போதும். அவன் பிரீ பயர் மேக்ஸ் வைத்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றாக ஆடும். கிராபிக்ஸை Smooth இல் வையுங்கள். ஆட்டத்துக்கு டேட்டா பெரிதாகப் போகாது, அப்டேட் வந்தால் தான் இழுக்கும். அதை கடைக்குக் கொண்டு வாங்கோ, என் வைஃபையில் போட்டுத் தருகிறேன். ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு இரண்டு பேரும் ஆடினால் பிங் ஏறும். திரை மூலையில் அந்த எண் சிவப்பாகினால் நீங்கள் சுட்டது ஒரு கணம் பிந்தித் தான் போகும். அப்போது ஆளுக்கொரு சிம்மில் ஆடுங்கள்.

விசுவமடு_அம்மா

என் மகளுக்கு 13. அவள் பிரீ பயர் பக்கமே போவதில்லை, ரோப்லொக்ஸ் தான். நானும் ஒரு மாதம் விளையாடிப் பார்த்தேன். ஒபி என்று சொல்வார்கள், உயரத்தில் கட்டைகளின் மேல் பாய்ந்து பாய்ந்து போக வேண்டும். நான் விழுந்துகொண்டே இருப்பேன், அவள் மேலே நின்று எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அம்மா, ஓடி வந்து பாயாதேங்கோ, நின்று பாயுங்கோ" என்று சொல்லித் தருவாள்.

ஒருநாள் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஆரோ ஒருவர் அவளுக்கு மெசேஜ் போட்டார். "ஆர் பிள்ளை இது?" என்று கேட்டேன். "தெரியாது அம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் போடுவினம்" என்றாள். அதைப் பற்றி அன்றைக்கு அரை மணி நேரம் கதைத்தோம். செட்டிங்கில் போய் சாட் வருவதை எப்படி நிறுத்துவது என்று அவளே எனக்குக் காட்டினாள். நான் கூட இருந்து விளையாடியிராவிட்டால் அந்த மெசேஜ் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பெடியளுக்கு இது பிடிக்குமோ தெரியாது. டேட்டாவும் கொஞ்சம் கூடத் தான் போகும்.

ஸ்கார்பரோ_சித்தப்பா

ஊர் ஆட்கள் இதைப் பற்றிக் கதைப்பதைப் பார்க்கச் சந்தோசம். நான் இங்கே என் மகனோடு It Takes Two ஆடி முடித்தேன். 2021 இல் வந்தது. இரண்டு பேர் இல்லாமல் அந்தக் கேம் தொடங்கவே தொடங்காது. பிரியப் போகிற ஒரு கணவனும் மனைவியும் சின்னப் பொம்மைகளாக மாறிப்போய், சேர்ந்து வேலை செய்தால் தான் ஒவ்வோர் இடத்தையும் கடக்க முடியும். ஒருவர் ஆணியை எறிந்தால் மற்றவர் அதில் தொங்கிப் போக வேண்டும். பிள்ளை என்னதான் கெட்டிக்காரனாக இருந்தாலும் என்னை விட்டுவிட்டு ஓட முடியாது, அது தான் இதில் எனக்குப் பிடித்தது. ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம். அண்ணை இதை எடுத்துப் பாருங்கள்.

கிளி_போன்கடை

சித்தப்பா, நல்ல கேம் தான். ஆனால் அதற்குக் கணினியோ கொன்சோலோ வேண்டும், போனில் ஓடாது. இங்கே அது இருக்கிற வீடுகள் குறைவு. ஆனால் நீங்கள் சொன்ன விசயம் சரி. ஒருவர் மற்றவரை விட்டுவிட்டுப் போக முடியாத கேமில் கதை தானாக வரும்.

புதுக்குடியிருப்பான்

மைன்கிராப்ட் எடுங்கள் அண்ணா. சுடுவது இல்லை, சத்தம் இல்லை. ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் போதும். இன்டர்நெட்டே தேவையில்லை, ஒருவர் ஹொட்ஸ்பொட் போட்டு மற்றவர் அதில் சேர்ந்தால் இரண்டு போனிலும் ஒரே உலகம் வரும். Peaceful இல் போட்டுவிட்டால் பேய் பிசாசு ஒன்றும் வராது. என் தம்பியோடு அப்படித்தான் விளையாடுகிறேன். பிரீ பயரை விட்டுவிட்டு இதுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

கிளி_போன்கடை

பாதி சரி தம்பி. விளையாடும்போது இன்டர்நெட் வேண்டாம் தான், ஆனால் வாங்குவதற்கும் இறக்குவதற்கும் வேண்டும். இரண்டு போனிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒன்று அப்டேட் ஆகி மற்றது ஆகாவிட்டால் உள்ளே சேர விடாது. உலகத்தைத் திறக்கிற போனில், அந்த உலகத்தின் செட்டிங்கில் `Visible to LAN Players` போட்டிருக்க வேண்டும். அதைப் போடாமல் "மற்றப் போனில் வரவில்லை" என்று கடைக்கு வந்தவர்கள் கனபேர்.

Peaceful பற்றி ஒன்று. அதில் பசி இறங்காது. பசி இறங்காவிட்டால் சாப்பாடு தேவையில்லை. சாப்பாடு தேவையில்லாவிட்டால் பயிர் செய்வதற்கு என்ன காரணம்? அண்ணை கமக்காரர். அவருக்கு Easy தான் சரி. இரவில் இரண்டொரு சொம்பி வரும், வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடலாம்.

ஆனால் "பிரீ பயரை விட்டுவிட்டு" என்பது தான் பிழை. அவன் இருக்கிற இடத்துக்கு அப்பா முதலில் போகட்டும். அதற்குப் பிறகு இவர் கூப்பிடுகிற இடத்துக்கு அவன் வருவான்.

இரணைமடு_வயல் (வெள்ளி)

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

பிரீ பயர் போட்டேன். மகனுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் வயலில் இருந்து வந்து, பயிற்சித் திடலில் போய் நடக்கவும் திரும்பவும் பழகினேன். இடது கைப் பெருவிரலால் நடக்க வேண்டும், வலது கைப் பெருவிரலால் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியவில்லை. நடந்தால் வானத்தைப் பார்க்கிறேன், திரும்பினால் நின்றுவிடுகிறேன். சத்தத்தை மிகக் குறைத்து வைத்தேன். அந்த அளவில் சமாளிக்கலாம்.

இரண்டாம் நாள் அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து இருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, பொத்தான்கள் எல்லாம் உங்கட விரலுக்கு எட்டாத இடத்தில இருக்கு" என்றான். போனை வாங்கி ஒவ்வொரு பொத்தானையும் இழுத்து என் பெருவிரல் நீளத்துக்கு ஏற்ற மாதிரி வைத்தான். என் கையைப் பிடித்து, விரலை மடக்கச் சொல்லி, விரித்துப் பார்த்து அளவெடுத்தான். அவன் என் கையை அப்படிப் பிடித்துக் கனகாலம்.

அப்புறம் என் ஆளைப் பார்த்துவிட்டு, "இந்த உடுப்போட வந்தா எல்லாரும் நூப் எண்டு தான் முதல்ல உங்களைச் சுடுவாங்கள்" என்றான். வருடப் பிறப்புக்குக் கொடுத்த காசில் 500 ரூபாவுக்குக் கேமில் செலவழிக்கிற டைமண்ட் வாங்கினான் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. உடுப்புக்கு ஏன் காசு என்று கேட்டேன். இப்போது விளங்குகிறது. அங்கேயும் வெறும் சட்டையோடு போனால் மதிக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி. அவன் விளையாடும்போது நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இப்போது பக்கத்தில் இருந்து விளையாடும்போதும் அப்படித்தான். அதற்கு என்ன செய்வது?

கிளி_போன்கடை

அண்ணை, அவன் காதில் இயர்போன் ஏன் போடுகிறான் தெரியுமா? காலடிச் சத்தம் கேட்க. எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று சத்தத்தில் தான் தெரியும். அந்த நேரத்தில் ஆர் கூப்பிட்டாலும் மூளைக்குப் போகாது. நடுவில் நிறுத்தி வைக்கவும் ஏலாது, மற்ற மூன்று பேர் அவனை நம்பி நிற்கிறார்கள். "நிப்பாட்டு" என்று சொல்வதை விட "இன்னும் எத்தனை சுற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.

கதைக்கிற நேரம் வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் துவக்கு வாங்குவதற்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அப்போது "எதை வாங்கட்டும்?" என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்து அடுத்ததற்கு ஆள் தேடும்போது, நீங்கள் பார்த்த ஒரு விசயத்தைக் கேளுங்கள். "மூன்றாம் சுற்றில் ஏன் அந்தப் பெடியனைத் தூக்கத் திரும்பிப் போனாய்?" என்பது மாதிரி. பள்ளிக்கூடம், படிப்பு என்று அந்த இடத்தில் கேட்டுவிடாதீர்கள். கேட்ட அன்றே முடிந்தது.

இன்னொன்று. புதுக் கணக்கில் நீங்கள் தனியாக ஆடும்போது எதிரில் வருவது கனக்க கேமே ஆட்டுகிற பொட்கள் தான், ஆட்கள் இல்லை, இலகுவாக விழும். அதை நம்பி "எனக்கு வந்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம். மகனோடு சேர்ந்தால் அவனுடைய மட்டத்து ஆட்கள் வருவார்கள். சுடுவதில் உதவ முடியாவிட்டால் சுவர் போடப் பழகுங்கள். குளூ வோல் என்று சொல்வார்கள். விழுந்த ஆளுக்கு முன்னால் சுவர் போட்டு அவரைத் தூக்கிவிட்டால் போதும். குறி பார்க்கத் தேவையில்லை.

இரணைமடு_வயல் (அடுத்த புதன்)

சுவர் போடுகிறேன். இப்போது அது தான் என் வேலை. மகன் விழுந்தால் ஓடிப் போய் முன்னால் சுவரை வைத்து, பின்னால் குனிந்து அவனைத் தூக்குகிறேன். மாங்குளத்து மருமக்கள் என்னை "வோல் மாமா" என்கிறார்கள்.

நேற்று அவன் பெரிய ஆட்டத்துக்கு ஒருதரம் வரச் சொன்னான். ராங்க் இல்லாதது தான். தம்பி வேண்டாம் என்று சொல்லியிருந்தார், ஆனால் அவன் ஆசையாகக் கேட்டதால் போனேன். விமானத்தில் இருந்து குதித்து, ஒரு வீட்டுக்குள் நின்று சாமான் பொறுக்கினோம். வரைபடத்தில் ஒரு வெள்ளை வட்டம் வந்தது. "அப்பா, சேவ் சோனுக்குள்ள வாங்கோ, சுருங்கப் போகுது" என்றான். போனோம். கொஞ்ச நேரத்தில் வட்டம் இன்னும் சின்னதாகியது. "திருப்பியும் சுருங்குது, ஓடுங்கோ, ஓடுங்கோ!"

என் விரல் நின்றுவிட்டது. என்னுடைய ஆள் வட்டத்துக்கு வெளியே நின்று, இரத்தம் குறைந்து குறைந்து விழுந்தான். மகன் "ஏன் அப்பா ஓடேல்ல?" என்று கொஞ்சம் கோபமாகத் திரும்பினான். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தான். அவனுடைய ஆள் அப்படியே நின்றது, அவன் அதைப் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். 2009 தை மாதம் ரேடியோவில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கம். போனோம். பிறகு அது இல்லை என்று மாத்தளன் பக்கம் என்றார்கள். போனோம். பிறகு முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு தரமும் இடம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவ்வளவு தான் சொன்னேன். மே 18 இல் ஊரில் விளக்கு ஏற்றுவார்கள், கஞ்சி கொடுப்பார்கள், அது அவனுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் நான் இதைக் கதைத்ததில்லை.

அவன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒன்று கேட்டான். "உங்களுக்கு மப் இல்லத் தானே. எந்தப் பக்கம் போறதெண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை, முன்னால் போன சனத்துக்குப் பின்னால் போனோம் என்றேன். அப்பம்மாவை ஆர் தூக்கினது என்று கேட்டான். நானும் சித்தப்பாவும் சைக்கிளில் வைத்துத் தள்ளினோம் என்றேன். பத்தரை வரை இருந்தோம்.

ஓய்வு_வாத்தியார்

தம்பி, முதலில் நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொள்ளவில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்_தாய்

நான் இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் துவக்குக் கேம் இல்லை, இருக்கவும் போவதில்லை. என் கணவரின் காலில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது. மகன் 15 வயது, கேட்டு அழுதான். நான் விடவில்லை. அண்ணைக்கு நல்லதாக ஒரு கதை வந்தது, சரி. ஆனால் அந்த இரவு அவருக்கு நித்திரை வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையைப் புரிந்துகொள்ள அப்பா அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

கிளி_போன்கடை

அக்கா, சத்தத்தைத் தனியாகக் குறைக்கலாம். வெடிச்சத்தத்துக்கு ஒரு அளவு, குரலுக்கு ஒரு அளவு என்று செட்டிங்கில் இருக்கிறது. கிளாஷ் ஸ்குவாட்டில் இடமும் சின்னது, பெரிய வட்டம் மாதிரி இருக்காது.

ஒட்டுசுட்டான்_தாய்

சத்தம் மட்டும் என்றால் நானும் குறைத்திருப்பேன் தம்பி. என் பிள்ளை "நான் அவனைப் போட்டன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வதை என்னால் கேட்க ஏலாது. அதற்கு எந்த செட்டிங்கும் இல்லை.

கிளி_போன்கடை

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. எனக்கு அந்த நேரம் எட்டு வயது. நான் விளையாடுகிறேன், என் அம்மாவும் நீங்கள் சொல்வதைத் தான் சொல்லுவா.

இரணைமடு_வயல்

அக்கா, அன்றைக்கு நித்திரை வரவில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பித் தண்ணீர் பார்க்கப் போய்விட்டேன். பெரிய ஆட்டத்துக்கு இனி வரமாட்டேன் என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். அவனும் கேட்கவில்லை. கிளாஷ் ஸ்குவாட்டில் கிழமைக்கு இரண்டு நாள் சுவர் போடுகிறேன், அது எனக்கு இயலும். உங்கள் வீட்டில் நீங்கள் எடுத்த முடிவு பிழை என்று நான் நினைக்கவில்லை.

விசுவமடு_அம்மா

ஒட்டுசுட்டான் அக்கா, உங்கள் மகனுக்குத் துவக்கு இல்லாததில் எது பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தீர்களா? ஒபி பாய்வதை வேண்டுமென்றால் நான் காட்டித் தருகிறேன். பெடியளும் விளையாடுகிறார்கள் என்று மகள் சொல்கிறாள்.

இரணைமடு_வயல் (இரண்டு கிழமைக்குப் பிறகு)

மைன்கிராப்ட் வாங்கினோம். காசு நான் கொடுத்தேன். என் கணக்கில் வாங்கி இரண்டு போனிலும் இறக்கினோம். கடையில் தம்பி சரிபார்த்துத் தந்தார். உலகம் மகனுடைய போனில், நான் அவனுடைய ஹொட்ஸ்பொட்டில் சேருகிறேன். டேட்டா போகவில்லை. Easy இல் தான் போட்டோம்.

அந்த உலகத்தில் ஒரு முழு நாள் 20 நிமிடம். பொழுது சாய்ந்ததும் கட்டிலில் படுத்தால் விடிந்துவிடும், ஆனால் இருவரும் படுத்தால் தான் விடியும். நான் எங்காவது தோண்டிக்கொண்டு நிற்பேன். "அப்பா, வந்து படுங்கோ!" என்று அவன் கத்துவான். முன்பு இந்த வீட்டில் நான் தான் அவனைப் பார்த்து அப்படிக் கத்துவேன்.

மூன்றாம் நாள் வயல் வெட்டினோம். நெல் இல்லை, கோதுமை தான். ஒரு கட்டைத் தண்ணீர் வைத்தால் நாலு பக்கமும் நாலு கட்டைத் தூரத்துக்கு நிலம் நனையும் என்றான். நடுவில் ஒரு கட்டை தண்ணீர், சுற்றி 80 கட்டை நிலம். வாளியால் ஒரு தரம் ஊற்றினால் முடிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் வாய்க்காலால் தான் வர வேண்டும் என்றேன். ஏரியில் இருந்து வெட்டிக்கொண்டு வந்தேன். ஏழு கட்டை தாண்டித் தண்ணீர் வரவில்லை. அவன் "பாருங்கோ, சொன்னன் தானே" என்றான்.

கொஞ்சம் யோசித்தேன். நிலம் மட்டமாக இருந்தால் தண்ணீர் நிற்கும், அது எங்கும் ஒன்று தான். ஏழாவது கட்டையில் நிலத்தை ஒரு கட்டை பள்ளமாக்கினேன். தண்ணீர் விழுந்து அங்கிருந்து மறுபடியும் ஏழு கட்டை ஓடியது. திரும்பவும் ஒரு பள்ளம், திரும்பவும் ஏழு. வயல் வரை கொண்டு வந்துவிட்டேன். அவன் போனை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். "இது உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்றான். வாட்டம் பார்க்கத் தெரியாமல் வயல் செய்ய ஏலாது என்று சொன்னேன்.

சனிக்கிழமை அவனாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு என் பின்னால் வயலுக்கு வந்தான். துருசு எப்படித் திறப்பது, முதல் மடைக்காரருக்கும் கடைசி மடைக்காரருக்கும் தண்ணீர் எப்படிப் பங்கு, சிறுபோகத்துக்கு ஏன் எல்லாரும் விதைக்க விடமாட்டார்கள் என்று வழி முழுக்கக் கேள்வி. காலபோகத்துக்கு வரம்பு கட்டும்போது தானும் வருகிறேன் என்றான். வருவானோ தெரியாது, சொன்னான்.

வரம்பில் நடக்கும்போது அவனாகச் சொன்ன ஒன்றும் இருக்கிறது. வகுப்பில் ஒரு பெடியன் இவனை கில்டில் இருந்து நீக்கிவிட்டானாம், அதனால் ஒரு மாதமாக இடைவேளையில் தனியாக இருக்கிறானாம். ஒரு மாதம் இது எனக்குத் தெரியாது. கில்ட் என்றால் என்ன, நீக்கினால் மற்ற எல்லாருக்கும் தெரியுமா என்றெல்லாம் கேட்க எனக்கு இப்போது தெரிந்திருந்தது. கேட்டேன். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை, இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

புதுக்குடியிருப்பான்

அண்ணா, கோதுமை மேல் பாயாதேங்கோ. பாய்ந்தால் உழுத நிலம் திரும்பத் தரையாகிப் பயிர் பிடுங்குப்பட்டுவிடும். நடந்து போனால் ஒன்றும் ஆகாது.

இரணைமடு_வயல்

அது முதல் நாளே நடந்தது தம்பி, மகன் தான் பாய்ந்தான். இப்போது சுற்றி வேலி போட்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். உலகம் அவனுடைய போனில் இருக்கிறது. அவன் ரியூசனுக்குப் போகும்போது போனையும் கொண்டுபோகிறான். அந்த நேரம் எனக்கு உள்ளே போக வழி இல்லையா? போன் பழுதானால் எல்லாம் போய்விடுமா?

கிளி_போன்கடை

அவனுடைய போன் திறந்திருந்தால் தான் நீங்கள் சேரலாம் அண்ணை. ஆனால் பிரதி எடுக்கலாம். அந்த உலகத்தின் செட்டிங்கில் கீழே `Export World` இருக்கும். அழுத்தினால் `.mcworld` என்று முடிகிற ஒரு கோப்பு வரும். அதை உங்கள் போனுக்கு அனுப்பித் திறந்தால் அதே உலகம் அங்கேயும் வரும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு. நீங்கள் உங்களுடையதில் வெட்டிய வாய்க்கால் அவனுடையதில் இருக்காது. மாதம் ஒருதரம் பிரதி எடுத்து வையுங்கள், போன் விழுந்தாலும் பயமில்லை.

இரணைமடு_வயல்

நன்றி தம்பி. மகனிடம் சொன்னேன். பிரதி எடுத்து வைப்போம், ஆனால் அதில் நான் தனியாக வெட்ட வேண்டாமாம். இரண்டாவது வாய்க்காலுக்குத் தான் ரியூசனால் வரும் வரை பொறுக்கட்டாம். ஆறரைக்கு வருவான்.